பிடிச்சுக்க ஒரு கம்பி: முதியோர் பராமரிப்பில் தொழில் தொடங்க நினைக்கிறவங்களுக்கு ஒரு நீண்ட இழை

1/
என் சித்தி பையன் பெங்களூருல ஐடி வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்திருக்கான். "அக்கா, பெரியவங்களுக்குன்னு ஒரு தொழில் ஆரம்பிக்கப் போறேன். ஐடியா சொல்லு"ன்னு கேட்டான். அவனுக்குச் சொன்னதையும், அவனோட சுத்தினதுல நான் கத்துக்கிட்டதையும் இங்கே எழுதுறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க மக்களே.

2/
அவன்கிட்ட மூணு திட்டம் இருந்தது. வீட்டுக்கு நர்ஸ் அனுப்புறது. தனியா இருக்கிற பெரியவங்களுக்குப் பேச்சுத் துணை அனுப்புறது. மூணாவது, கடைசிப் பக்கத்துல ரெண்டே வரி: பெரியவங்க விழாத மாதிரி வீட்டை மாத்திக் கொடுக்கிறது. "இதுல காசு இல்லக்கா, சும்மா எழுதி வச்சேன்"னான். நான் அந்த மூணாவதைத்தான் எடுத்தேன். காரணம் ஒரு பாட்டி.

3/
நான் டெல்டா பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில வேலை பாக்குறேன். எம்பிபிஎஸ்தான், எலும்பு நிபுணர் கிடையாது. ஆனா விபத்துப் பிரிவுல ராத்திரி டியூட்டி பாத்தவங்களுக்கு இந்தக் காட்சி அத்துப்படி. விடிகாலை 4 மணி, 70 வயசுக்கு மேல ஒருத்தர், ஒரு கால் குட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். எக்ஸ்ரே எடுக்கும் முன்னாடியே தெரிஞ்சுடும், தொடை எலும்பின் கழுத்து உடைஞ்சிருக்குன்னு.

4/
"எங்க விழுந்தாங்க?"ன்னு கேட்டா பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பாத்ரூம் போக எழுந்தாங்க." மாடிப்படி இல்லை, ரோடு இல்லை. கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் இருக்கிற பத்துப் பன்னிரண்டு அடி. தூக்கக் கலக்கம், பிரஷர் மாத்திரையால எழுந்ததும் வர்ற தலைசுத்தல், ஈரத்தரை, அணைச்சு வச்ச லைட். எல்லாம் சேர்ந்து ஒரே நிமிஷத்துல நடக்குது.

5/
இந்த முறிவை லேசா எடுத்துக்காதீங்க. பெரியவங்கள்ல சுமாரா அஞ்சு பேருக்கு ஒருத்தர் ஒரு வருஷத்துக்குள்ள இறந்துடுறாங்கன்னு பல நாட்டு ஆய்வுகளும் சொல்லுது. எலும்பு முறிஞ்சதால நேரடியா சாகிறதில்லை. படுத்த படுக்கையா ஆகிறதால வர்ற நிமோனியா, படுக்கைப்புண், கால்ல ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்குப் போறது, இதெல்லாம்தான் காரணம். அதனாலதான் ஆபரேஷன் முடிஞ்சதும் சீக்கிரமே எழுப்பி நடக்க வைக்கிறோம்.

6/
அந்தப் பாட்டிக்கு 72 வயசு இருக்கும். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, உடைஞ்ச பந்தை எடுத்துட்டு உலோகப் பந்து வச்சாங்க. வாக்கர் பிடிச்சு வார்டு முழுக்க நடந்துச்சு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு சீட்டு எழுதினது நான். கால்சியம், வலி மாத்திரை, "கீழே உட்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, எதையாவது பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்கணும்." மருமகள்கிட்ட வாயாலயும் சொன்னேன். "சரிங்க டாக்டரம்மா"ன்னாங்க.

7/
மூணு வாரத்துல திரும்பி வந்தாங்க. இந்தத் தடவை மணிக்கட்டு. என்ன ஆச்சுன்னு கேட்டேன். பாட்டி சொன்னது இன்னும் காதுல இருக்கு: "நீ சொன்ன மாதிரி பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்தேன் கண்ணு. அது கையோட வந்துடுச்சு." பிடிச்சது துண்டு போடுற கம்பி. சுவத்துல ரெண்டு சின்ன ஸ்க்ரூ, ரெண்டு பிளாஸ்டிக் பிளக், அவ்வளவுதான். ஈரத் துண்டைத் தாங்கத்தான் அது செஞ்சது.

8/
மணிக்கட்டு உடைஞ்சா என்ன, கால் நல்லாத்தானே இருக்குன்னு நினைக்கலாம். வாக்கரை ரெண்டு கையாலயும் அழுத்தினாதான் நடக்க முடியும். ஒரு கை மாவுக்கட்டுல, அதனால வாக்கர் இல்லை, நடை இல்லை. கூடவே பயமும் வந்துடுச்சு. படுக்கையிலேயே இருந்து நாலாவது மாசம் நிமோனியாவுல இறந்துட்டாங்க. "எதையாவது பிடிச்சுக்கிட்டு"ன்னு எழுதின நான், பிடிக்க அந்த வீட்டுல என்ன இருக்குன்னு கேக்கலை.

9/
இதைத்தான் தம்பிகிட்ட சொன்னேன். "டேய், நர்ஸ் வேணும்னா எங்கே கேக்கணும்னு ஜனங்களுக்குத் தெரியும். கம்பி போடணும்னா யாரைக் கூப்பிடுவ? பிளம்பரையா, கொத்தனாரையா, டாக்டரையா? ஒருத்தரும் அது தன் வேலைன்னு நினைக்கிறதில்லை. அந்த இடைவெளிதான் உன் தொழில்."

10/
அவன் நம்பலை. சரின்னு ஒரு வீட்டைச் செஞ்சு பாக்கலாம்னு முடிவு பண்ணோம். எங்க தெருவுலயே ஒரு ரிட்டயர்டு வாத்தியார், 74 வயசு, அதே ஆபரேஷன் முடிஞ்சு தனியார்ல இருந்து வீட்டுக்கு வந்திருந்தார். அவரும் டீச்சரம்மாவும் மட்டும்தான். பையன் சிங்கப்பூர்ல. அந்த வீட்டுல என்னென்ன செஞ்சோம்னு வரிசையா சொல்றேன்.

11/
முதல்ல அளவெடுக்கிறது. புத்தகத்துல கம்பி தரையில இருந்து 33 முதல் 36 அங்குலம்னு போட்டிருக்கும். அது உயரமானவங்க நாட்டுக் கணக்கு. வாத்தியாரைச் செருப்பில்லாம நிக்க வச்சு கையைத் தொங்க விடச் சொன்னோம். மணிக்கட்டு மடிப்பு வரைக்கும் 31 அங்குலம். ஊன்றுகோலுக்கு அளவெடுக்கிற முறை இதுதான். நடக்கும்போது பிடிக்கிற கம்பியை அந்த உயரத்துல குறிச்சோம். இன்னும் குள்ளமான பாட்டிகளுக்கு 28 கூட வரும்.

12/
அடுத்தது கம்மோடு. அவர் வீட்டுல இருந்தது பதினைஞ்சரை அங்குலம். முழங்கால் மடக்கு வரைக்கும் அவருக்குப் பதினாறரை. இந்த ஆபரேஷன் ஆனவங்க உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட மேல போகக் கூடாது, போனா பந்து நழுவ வாய்ப்பிருக்கு. அதனால இருக்கை 18 அங்குலமாவது வேணும். மேல மாட்டுற 3 அங்குல சீட் ஒண்ணு வாங்கி வச்சோம். ரொம்ப உயர்த்தினாலும் தப்பு. கால் அந்தரத்துல தொங்கினா எழுந்திருக்க முடியாது.

13/
இப்போ முக்கியமான இடம், சுவர். தம்பி கூட்டிட்டு வந்த மேஸ்திரி முதல்ல விரலை மடக்கி டைல்ஸைத் தட்டிப் பார்த்தார். டைல்ஸுக்குப் பின்னாடி கலவை நிறைஞ்சிருந்தா கெட்டியா கேக்கும். வெறும் இடம் இருந்தா "டொப்பு டொப்பு"ன்னு கேக்கும். அந்த இடத்துல ஓட்டை போட்டா டைல்ஸ் உடையும், உடையாட்டியும் போல்ட் நிக்காது. ஒரு ஜாண் தள்ளிக் குறிச்சார்.

14/
டைல்ஸை முதல்ல டைல்ஸ் பிட் போட்டு, ஹேமர் ஓடாம மெதுவா துளைக்கணும். செங்கல் வந்த பிறகுதான் ஹேமர். துளை செங்கல்லுக்கு நடுவுல விழணும், ரெண்டு செங்கல்லுக்கு இடையில இருக்கிற கலவையில விழக் கூடாது. பிளாஸ்டிக் பிளக் வேண்டவே வேண்டாம், இரும்பு ஆங்கர் போல்ட். ஹாலோ பிளாக் சுவரா இருந்தா அதுவும் பிடிக்காது. சுவத்தைத் துளைச்சு அந்தப் பக்கம் தகடு வச்சு முறுக்கணும்.

15/
முடிச்ச பிறகு ஒரு சோதனை. மேஸ்திரியே கம்பியைப் பிடிச்சுத் தொங்கினார். அவர் எடை 80 கிலோ. கம்பி 110 கிலோவுக்கு மேல தாங்கணும்னு வெளிநாட்டு விதி இருக்கு. ஏன்னா விழப் போறவர் மெதுவா பிடிக்க மாட்டார், வெடுக்குனு இழுப்பார். தொங்கிப் பார்க்காத கம்பி, இல்லாத கம்பியைவிட மோசம். இல்லைன்னா ஜாக்கிரதையா இருப்பாங்க, இருந்தா நம்பிடுவாங்க. காத்தை வெளியேத்தி ஒட்டுற ரப்பர் கம்பிகளை நான் வேண்டாம்னு சொல்ற காரணமும் இதுதான்.

16/
மூணு கம்பி போட்டோம். கம்மோடு பக்கத்துச் சுவர்ல, இருக்கையில இருந்து ஒன்பது அங்குலம் மேல, படுக்கை வசத்துல ஒண்ணு. கொஞ்சம் முன்னாடி தள்ளி, எழும்போது பிடிக்க நெட்டுக்குத்தா ஒண்ணு. வாசல்ல உள்ளே நுழையும்போது பிடிக்க ஒண்ணு. குளிக்க உட்கார்ற பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துட்டு, கால்ல ரப்பர் புஷ் போட்ட முதுகு சாயுற நாற்காலி.

17/
யாரும் யோசிக்காத ஒண்ணு கதவு. நம்ம பாத்ரூம் கதவு உள்பக்கமா திறக்கும். உள்ளே விழுந்தவர் கதவுமேலேயே கிடந்தா வெளியே இருந்து தள்ள முடியாது. தள்ளத் தள்ள அவரைத்தான் நசுக்கும். கதவை உடைச்சுத் தூக்கிட்டு வந்த கேஸ் நான் பாத்திருக்கேன். வாத்தியார் வீட்டுல கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாத்தி, வெளியே இருந்து காசு வச்சுத் திருப்பினா திறக்கிற தாழ்ப்பாள் போட்டோம்.

18/
முடியாததும் இருந்தது. தெருவாசல்ல இருந்து வீட்டுத் தரை ரெண்டு அடி உயரம். சக்கர நாற்காலிக்குச் சரிவு போடலாமான்னு பையன் போன்ல கேட்டார். ஒரு அங்குலம் ஏற பன்னிரண்டு அங்குலம் நீளம் வேணும். அப்போ ரெண்டு அடிக்கு 24 அடி, தெருவுக்கு எதிர் வீட்டு வாசல்ல போய் முடியும். அதனால படிக்கட்டுக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி, படி ஓரத்துல மஞ்சள் பெயிண்ட், அதோட விட்டோம். அந்த வேலையை அவங்களே தனியா பாத்துக்கிட்டாங்க. முடியாததை முடியும்னு சொல்லி சறுக்கு மரம் மாதிரி சரிவு போடுறவங்ககிட்ட உஷாரா இருங்க.

19/
இனி கணக்கு. எங்க ஊர் விலையில, கம்பி மூணு 3,000 ரூபாய், போல்ட் வகை 400, நாற்காலி 1,800, சீட் 1,500, கதவும் தாழ்ப்பாளும் 900, ஆள் நடந்தா தானா எரியுற லைட் ரெண்டு 700, தரை வழுக்காம இருக்கப் பூசுற மருந்து 1,200. பொருள் மட்டும் 9,500. மேஸ்திரியும் உதவியாளும் ஒரு நாள் கூலி 1,700. மொத்தம் 11,200. பில் 15,000. தம்பி கையில நின்னது 3,800. அளவெடுக்கப் போய் வந்த பெட்ரோலைக் கழிச்சா 3,500.

20/
மாசம் பன்னிரண்டு வீடு செஞ்சா 42,000. பெங்களூர் சம்பளம் இல்லை, ஆனா ஆபீஸ் வேண்டாம், ஆப் வேண்டாம், கடன் வேண்டாம். ஒரு நல்ல மேஸ்திரி, ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பைக். பிரச்சினை செலவுல இல்லை, அந்தப் பன்னிரண்டு வீடு எங்கேருந்து வரும்ங்கிறதுலதான். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டுல பத்துப் பேருக்கு ஒருத்தர் 60 தாண்டினவர். ஆட்கள் இருக்காங்க. ஆனா விழுறதுக்கு முன்னாடி யாரும் கம்பி வாங்குறதில்லை.

21/
ஜப்பான்ல இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. 2000-ல ஆரம்பிச்ச அவங்க முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுல, பராமரிப்பு தேவைன்னு சான்று வாங்கினவங்க வீட்டை மாத்த 2 லட்சம் யென் வரைக்கும் கணக்குல எடுத்துக்குறாங்க. கைப்பிடி, தரை மேடு பள்ளம் சரி செய்றது, கதவு மாத்துறது எல்லாம் அதுல அடங்கும். பயனாளி தன் வருமானத்தைப் பொறுத்து 10 முதல் 30 சதவீதம் கட்டுவார். அதனால அங்கே இது நிலையான தொழில். இங்கே காசு குடும்பத்துக் கையிலிருந்துதான் வரணும்.

22/
அந்தக் காசு எப்போ வெளியே வரும்? விழுந்த பிறகு வர்ற முதல் மாசத்துல. அப்போதான் வெளிநாட்டுப் பையனுக்குக் குற்ற உணர்ச்சி இருக்கும், அப்பாவுக்குப் பயம் இருக்கும். ஆறு மாசம் போனா "அதெல்லாம் நல்லாத்தான் நடக்குறேன், எதுக்கு வெட்டிச் செலவு"ன்னு அப்பாவே தடுப்பார். தம்பி இதைப் புரிஞ்சுக்கிட்டதும் உடனே கேட்டான்: "அக்கா, அப்போ உன் வார்டுல டிஸ்சார்ஜ் ஆகுறவங்க நம்பர் குடேன்."

23/
முடியாதுன்னுட்டேன். கோவப்பட்டான், ரெண்டு வாரம் பேசலை. ஆனா நோயாளி நம்பரைக் கொடுக்கிறது தப்பு. என் சொந்தக்காரனுக்கு நானே வியாபாரம் பிடிச்சுக் கொடுக்கிறது அதைவிடத் தப்பு. அரசு டாக்டர் சொன்னா ஏழைக் குடும்பம் கடன் வாங்கியாவது செய்யும். எங்க ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் 15,000 கொடுக்க முடியாதவங்க. இந்தத் துறைக்கு வர்றவங்க டாக்டருக்குக் கமிஷன்னு ஆரம்பிச்சா, தேவையில்லாத வீட்டுலயும் கம்பி ஏறும். அதோட நம்பிக்கை போயிடும்.

24/
நான் செஞ்சது வேற. மேல சொன்ன அளவுகளை ஒரு பக்கத்துல படம் போட்டு எழுதி, ஆர்எம்ஓகிட்ட அனுமதி வாங்கி, டிஸ்சார்ஜ் சீட்டோட கொடுக்கிறேன். கடை பேர், ஆள் பேர் எதுவும் கிடையாது. எந்தக் கொத்தனார்கிட்டயும் காட்டலாம். வெறும் ஒரு நெட்டுக்குத்துக் கம்பியும் ஆங்கர் போல்ட்டும்னா ஆயிரத்தைநூறு ரூபாய்க்குள்ள முடியும். ஏழை வீட்டுக்கு அது ஒண்ணே பெரிய விஷயம்.

25/
தம்பி தன் வழியைத் தானே கண்டுபிடிச்சான். வாக்கர், கட்டில் வாடகைக்கு விடுற கடை. வாக்கர் வாங்க வர்ற வீட்டுல யாரோ நடக்க முடியாம இருக்காங்கன்னு அர்த்தம். ரெண்டாவது, ஓய்வூதியர் சங்கக் கூட்டம். அங்கே வாத்தியாரே எழுந்து தன் பாத்ரூம் கதையைச் சொன்னார். ஒரே கூட்டத்துல நாலு வீடு. இப்போ மாசம் ஏழெட்டு வீடு ஓடுது, பன்னிரண்டு இன்னும் தொடலை.

26/
பேச்சுத் துணை ஐடியாவையும் அவன் விடலை, மூணு வீட்டுல முயற்சி செஞ்சான். காசு கொடுக்கிறது பிள்ளை, பேசணும்கிறது அம்மா. ஒரு அம்மா கேட்டாங்களாம்: "என்கிட்ட பேசறதுக்கு அவன் உனக்குச் சம்பளம் கொடுக்கிறானா?" அதோட வேலைக்கு வந்த பொண்ணுங்க ரெண்டு மாசத்துல வேற வேலைக்குப் போயிட்டாங்க. பழகின முகம் மாறினதும் பெரியவங்க கதவைச் சாத்திட்டாங்க. இந்தத் தொழில்ல விக்கிறதே அந்தப் பழகின முகத்தைத்தான். அது நிக்கலைன்னா ஒண்ணும் நிக்காது.

27/
ஆனா ஒண்ணு நடந்தது. கம்பி போல்ட் நாளாக ஆக லூசாகும், ரப்பர் புஷ் தேயும். அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய் முறுக்கிப் பார்க்க 300 ரூபாய்னு வச்சான். பத்து நிமிஷ வேலை. போனா ஒரு மணி நேரம் ஆகுதாம். டீச்சரம்மா காபி போட்டு வச்சுட்டு, "அந்தக் கம்பி கொஞ்சம் ஆடுற மாதிரி இருக்கு தம்பி"ன்னு போன் பண்ணுவாங்க. போய்ப் பார்த்தா ஆடாது. இப்பல்லாம் அவன் அதைக் கேள்வி கேக்குறதில்லை.

28/
போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல அம்மா பாத்ரூமைத் திறந்து பார்த்தேன். அம்மாவுக்கு 63. வழவழ டைல்ஸ், உள்ளே திறக்கிற கதவு, ஒரு துண்டுக் கம்பி. ஊருக்கெல்லாம் சீட்டு கொடுக்கிற நான் என் வீட்டுல அளவெடுக்கலை. "எனக்கென்ன வயசாயிடுச்சா?"ன்னு அம்மா சண்டை. கடைசியில கதவுக்கு மட்டும் சம்மதிச்சாங்க. கம்பிக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது.

29/
நீங்களும் இன்னைக்கு உங்க அப்பா அம்மா இருக்கிற வீட்டு பாத்ரூமுக்குப் போங்க. அவங்க எழும்போது கை எதைத் தேடுதுன்னு கேளுங்க. துண்டுக் கம்பியோ, குழாயோ, வாஷ்பேசினோ, அதை உங்க முழு பலத்தோட ஒரு இழு இழுத்துப் பாருங்க. கையோட வந்துச்சுன்னா உங்க கையில வந்ததே நல்லது. நாளைக்கே ஒரு மேஸ்திரியைக் கூப்பிடுங்க.